டிவியை ரேடியோ மாதிரி ஓட விடணும், திரை மட்டும் எரியக் கூடாது: வழி உண்டா?

நெல்லைக்காரன்77
வணக்கம் மக்களே. ஊர்ல அப்பா அம்மாவுக்கு 43 இன்ச் ஆண்ட்ராய்டு டிவி ஒண்ணு இருக்கு. சாதா எல்இடிதான், கூட ஒரு சவுண்ட்பார். அப்பாவுக்கு சீரியல், நியூஸ் எதுலயும் ஆர்வம் கிடையாது. காலைல அஞ்சு மணிக்குப் பக்திப் பாட்டு, பகல்ல கோடை பண்பலை, ராத்திரி பழைய சினிமாப் பாட்டு, அவ்வளவுதான் வேணும். ரேடியோ பெட்டியில கோடை எங்க தெருவுல இரைச்சலாத்தான் எடுக்கும். அதனால டிவியில ஒரு ரேடியோ ஆப் போட்டு, பென் டிரைவ்ல பாட்டும் ஏத்திக் குடுத்தேன். சத்தம் அருமையா இருக்கு, அதுல குறை இல்ல.

குறை ரெண்டு. ஸ்டேஷன் படம் போட்ட வெள்ளைப் பக்கம் ஹால் முழுக்க டியூப்லைட் போட்ட மாதிரி வெளிச்சம் அடிக்குது, அம்மா அந்த ஹால்லதான் படுப்பாங்க. இன்னொண்ணு, ரேடியோ கொஞ்ச நேரம் பாடிட்டு தானா நின்னுருது. யூடியூப்ல போட்டா அப்படி சீக்கிரம் நிக்கறதில்ல. ரிமோட்ல பவரை அமுக்கினா பாட்டும் சேர்ந்து போயிருது. திரை இருட்டாவும் இருக்கணும், பாட்டும் ஓடணும். என்ன செய்யலாம்?

சூப்பர்_சதீஷ்
ரொம்ப சிம்பிள் ப்ரோ. ப்ளே ஸ்டோர்ல கறுப்புத் திரை ஆப் நிறைய இருக்கு. போட்டீங்கன்னா எல்லாத்துக்கும் மேல ஒரு கறுப்புப் படலம் வந்து மூடிடும், கீழ பாட்டு பாட்டுக்கு ஓடும். கறுப்புன்னா கரண்ட்டே இழுக்காது. ஒரு வருஷமா இப்படித்தான் ஓட்டுறேன்.

மேட்டுத்தெரு சுந்தரம்
தம்பிக்கு வணக்கம். இதற்கு இணையமே தேவையில்லை. டிடி ஃப்ரீ டிஷ் பெட்டியில் வானொலிப் பகுதி என்று தனியே உண்டு. ரிமோட்டில் டிவி/ரேடியோ என்று ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்தினால் அகில இந்திய வானொலி வரிசையாக வரும். மாதக் கட்டணம் கிடையாது. விவித பாரதியை நான் காலை முதல் அதில்தான் கேட்கிறேன். டிஷ் ஆன்டெனா ஒருமுறை மாட்டினால் போதும்.

நெல்லைக்காரன்77
ஐயா, ரொம்ப நன்றி. ஆனா அதுலயும் திரையில சேனல் பேரு போட்டு நீலமா எரிஞ்சுக்கிட்டுத்தானே இருக்கும்? எனக்கு வெளிச்சம்தான் பிரச்சினை. பென் டிரைவ் பாட்டும் வேணும்.

பேனல்பாண்டி
மதுரையில டிவி சர்வீஸ் கடை வச்சிருக்கேன், தினமும் பேனலோடதான் பொழப்பு. சதீஷ் தம்பி சொன்னதுல பாதி சரி, பாதி தப்பு. அதை முதல்ல சொல்லிடுறேன்.

எல்இடி டிவின்னு நாம சொல்றது உண்மையில எல்சிடி பேனல்தான். பின்னாடி எல்இடி பட்டை எரியும், முன்னாடி பேனல் அந்த வெளிச்சத்தை விடும் இல்ல தடுக்கும். திரை முழுக்க கறுப்புப் படம் காட்டினா பேனல் கதவைச் சாத்துது, பின்னாடி விளக்கு எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும். நம்பிக்கை இல்லன்னா ராத்திரி ஹால் லைட்டை அணைச்சுட்டு அந்தக் கறுப்பு ஆப்பைப் போட்டுப் பாருங்க. மூலையில, ஓரத்துல சாம்பல் பூத்த மாதிரி ஒரு வெளிச்சம் தெரியும். கறுப்பு ஆப் பாதி ராத்திரி வரைக்கும் ஓடின டிவியோட முதுகைத் தொட்டீங்கன்னா படம் ஓடின மாதிரியே வெதுவெதுன்னு இருக்கும். சில மாடல்ல மட்டும் படம் மொத்தமா கறுப்பா வந்தா விளக்கைத் தானே குறைச்சுக்கும், அது வேற.

நீங்க தேட வேண்டியது பேனலை மட்டும் அணைக்கிற வசதி. சோனியில Picture Off, சாம்சங்ல Accessibility-க்குள்ள Picture Off, எல்ஜியில Energy Saving-க்குள்ள Screen Off. இதை அமுக்கினா பின்விளக்கு நின்னுரும். மத்த போர்டு, வைஃபை, சவுண்ட், ஏஆர்சி எல்லாம் அப்படியே ஓடும். எந்த ஆப் ஓடுதுன்னே அதுக்குக் கவலை இல்ல, ரேடியோவோ யூடியூப்போ எதுவா இருந்தாலும் சரி. மத்த கம்பெனி டிவின்னா Power மெனு, Picture மெனு ரெண்டுலயும் தேடுங்க. உங்க டிவியில இருக்கான்னு பாத்துட்டு சொல்லுங்க.

சுந்தரம் ஐயா சொன்னதுல ஒரு விஷயம் இருக்கு. ஃப்ரீ டிஷ் பெட்டிக்குப் பின்னாடி சிவப்பு, வெள்ளை ஆடியோ சாக்கெட் இருக்கும். அதுல ஒரு ஒயரை எடுத்து நேரா ஆம்ப்ளிஃபயர்ல சொருகிட்டா டிவியே போட வேண்டாம். ரேடியோ மட்டும் கேக்குறவங்களுக்கு அதுதான் சிக்கனம்.

மேட்டுத்தெரு சுந்தரம்
நான் அப்படித்தான் கேட்கிறேன். அதைச் சொல்லாமல் விட்டேன் போலும். சேனல் மாற்ற மட்டும் டிவியைப் போடுவேன்.

சூப்பர்_சதீஷ்
பாண்டி அண்ணே, என் வீட்டு டிவியில கறுப்பு போட்டா சுத்தமா இருட்டாத்தான் இருக்கு. சும்மா சொல்லல.

பேனல்பாண்டி
உங்களது ஓலெட்டா தம்பி?

சூப்பர்_சதீஷ்
ஆமா அண்ணே.

பேனல்பாண்டி
அதான். ஓலெட்ல பின்விளக்கே கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும். கறுப்புன்னா அந்தப் புள்ளி அணைஞ்சிருக்குன்னு அர்த்தம். உங்க டிவிக்கு நீங்க சொன்னது சரிதான். நெல்லைக்காரர் டிவிக்குத்தான் பொருந்தாது.

முனையம்
கரண்ட் கணக்கை நான் போடுகிறேன். என் அறையில் 43 இன்ச் எல்சிடி டிவியை வாட் மீட்டரில் சொருகிப் பார்த்தேன். ரேடியோ ஆப்பின் வெள்ளைப் பக்கம் எரியும்போது 62 வாட். கறுப்பு ஆப் போட்டால் 57. Picture Off கொடுத்தால் 17. வேறு மாடலில் எண் மாறும், ஆனால் போக்கு இதுதான்.

தினம் எட்டு மணி நேரம் பாட்டு ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாத பில்லுக்கு 60 நாள். Picture Off-ஆல் மிச்சமாவது 45 வாட், அதாவது 21.6 யூனிட். கறுப்பு ஆப்பால் மிச்சம் 5 வாட், 2.4 யூனிட். நூறு யூனிட் இலவச எல்லையை ஒட்டி ஓடும் வீடாக இருந்தால் 20 யூனிட் சின்ன விஷயம் இல்லை.

பாட்டு நின்றுபோவது வேறு கதை. பேனலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நின்றபோது டிவி என்ன நிலையில் இருந்தது? ஸ்டேண்ட்பை சிவப்பு விளக்கு எரிந்ததா, இல்லை ஆப்பின் பக்கம் திரையில் நின்றதா? ரிமோட்டைக் கடைசியாகத் தொட்டு எவ்வளவு நேரத்தில் நின்றது என்பதும் தெரிந்தால் நல்லது.

நெல்லைக்காரன்77
பாண்டி அண்ணே, Picture Off இருக்கு! Power மெனுவுக்கு அடியில ஒளிஞ்சு கெடந்தது. அமுக்கினதும் திரை செத்துருச்சு, பாட்டு ஓடுது. அம்மா தப்பிச்சாங்க.

முனையம் சார், அப்பாகிட்ட கேட்டேன். முதல்ல ஏதோ மலை, அருவின்னு படம் வந்து ஓடுமாம், பாட்டு அப்பவும் ஓடுமாம். அப்புறம் கால் மணி நேரம் போல ஆனதும் டிவியே அணைஞ்சு சிவப்பு லைட் வந்துருமாம். Picture Off போட்டுட்டு இன்னைக்குப் பாத்தேன், அப்பவும் அதே கதிதான்.

கரிசல்குயில்
எங்க வீட்டுலயும் இதே. நான் டிவி பழுதுன்னு நினைச்சு ரிப்பேருக்குக் குடுக்கப் போனேன். தொடர்கிறேன்.

முனையம்
மலையும் அருவியும் வந்தது என்றாலே விடை கிடைத்துவிட்டது. அது ஸ்க்ரீன்சேவர். ஆண்ட்ராய்டு டிவி இரண்டு கடிகாரம் வைத்திருக்கிறது, இரண்டும் நீங்கள் ரிமோட்டைக் கடைசியாகத் தொட்ட நொடியிலிருந்து ஓடும். முதல் கடிகாரம் முடிந்தால் ஸ்க்ரீன்சேவர், இரண்டாவது முடிந்தால் தூக்கம். தூங்கப் போனால் ரேடியோ ஆப்பும் சேர்ந்து நின்றுவிடும்.

யூடியூப் மட்டும் ஏன் தப்பிக்கிறது என்றால், வீடியோ ஆப்கள் “நான் படம் காட்டுகிறேன், திரையை அணைக்காதே” என்று சிஸ்டத்திடம் சொல்லி வைக்கும். பல ரேடியோ ஆப்கள் அப்படிச் சொல்வதில்லை, பாட்டை மட்டும் பின்னணியில் ஓட்டும். போனில் அது சரியான நடத்தை, போன் பூட்டிக் கிடந்தாலும் பாட்டு வரவேண்டும் இல்லையா. டிவியிலோ சிஸ்டம் வீட்டில் ஆள் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறது.

உறுதி செய்ய லேப்டாப்பிலிருந்து பார்க்கலாம். டிவி அமைப்புகளில் About பகுதிக்குப் போய் build என்ற வரியில் ஏழு முறை ஓகே அழுத்தினால் Developer options திறக்கும். அதில் USB debugging அல்லது Network debugging-ஐ ஆன் செய்யுங்கள். பிறகு டிவியின் ஐபி முகவரியைப் போட்டு:

```
adb connect 192.168.1.20
adb shell settings get system screen_off_timeout
adb shell settings get secure sleep_timeout
adb shell settings get secure attentive_timeout
```

விடை மில்லி நொடியில் வரும். `null` என்று வந்தால் அந்த அமைப்பை யாரும் மாற்றவில்லை, கம்பெனி வைத்த அளவு ஓடுகிறது என்று பொருள்.

நெல்லைக்காரன்77
ஊருக்கு வந்திருக்கேன், அதனால உடனே பாத்துட்டேன். முதல்ல 300000, ரெண்டாவது 900000, மூணாவது 14400000. டிவியில ஒரு பெட்டி வந்து அனுமதி கேட்டுச்சு, ஓகே குடுத்தேன்.

முனையம்
சுத்தமாகப் பொருந்துகிறது. 300000 என்பது ஐந்து நிமிடம், அருவி வரும் நேரம். 900000 என்பது 15 நிமிடம், அப்பா சொன்ன கால் மணி நேரம். மூன்றாவது 4 மணி நேரம். அது இன்னும் உங்கள் கண்ணில் படவில்லை, ஆனால் இரண்டாவதைச் சரி செய்ததும் கட்டாயம் படும். ஏனென்றால் அது ஆப் என்ன சொன்னாலும் கேட்காது. வீடியோ ஓடினாலும் சரி, நான்கு மணி நேரம் ரிமோட்டைத் தொடவில்லை என்றால் எச்சரிக்கை காட்டிவிட்டு அணைத்துவிடும். Picture Off-இல் இருக்கும்போது அந்த எச்சரிக்கையும் உங்களுக்குத் தெரியாது, திடீரென்று பாட்டு நிற்பது மட்டும்தான் தெரியும்.

கட்டளை போட வேண்டாம், மெனுவிலேயே மாற்றலாம். System, அதற்குள் Power & Energy, அதற்குள் Energy saver. அங்கே When inactive, When watching என்று இரண்டு வரி இருக்கும். முதலாவதுதான் 15 நிமிடம், அதை Never ஆக்குங்கள். இரண்டாவது உங்கள் விருப்பம். நான் ஆக இருந்தால் அதை எட்டு மணி நேரத்தில் வைப்பேன். அப்பா தூங்கிப்போய் டிவி விடிய விடிய ஓடினால் அணைக்க ஏதாவது ஒன்று வேண்டும்.

சில கம்பெனி டிவியில் இதற்கு மேலாகச் சொந்தமாக ஒரு டைமரும் உண்டு. Auto Power Off, Idle TV Standby என்ற பெயர்களில் Timer பகுதியில் கிடக்கும். அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

யாழ்நிலா
வணக்கம். நான் டொரன்டோவில இருக்கிறன். என்ர டிவி எல்ஜி ஓலெட். நாங்கள் வேலைக்குப் போக முதல் பாட்டைப் போட்டுவிட்டால் பின்னேரம் வரைக்கும் ஓடும், பூனைக்குத் தனிமை தெரியாதாம் எண்டு என்ர மகள் சொல்லுறா. முந்தி நானும் சதீஷ் சொன்ன மாதிரி கறுப்புப் படம் போட்டனான். ஆனால் பாட்டு ஆப்பில ஆல்பம் படமும் நேரக் கோடும் ஒரே இடத்தில நிண்டுகொண்டு இருக்கும். ஓலெட்டுக்கு அதுதான் ஆபத்து. இப்ப Screen Off தான்.

எனக்கு ஒரு கேள்வி இருக்குது. ஓலெட் டிவி பாவிச்ச நேரம் கூடினால் அணைச்ச பிறகு தானாக ஒரு பேனல் சுத்திகரிப்புச் செய்யும் எண்டு கையேட்டில வாசிச்சனான். Screen Off-இல ஓடின நேரமும் அதில சேருமோ? திரை எரியாத நேரத்துக்கு என்னத்துக்கு அது?

பேனல்பாண்டி
அக்கா, அந்தச் சுத்திகரிப்பு எல்ஜி ஓலெட்ல மொத்தம் நாலு மணி நேரம் போல ஓடினதுக்கு அப்புறம், ஸ்டேண்ட்பைக்குப் போகும்போது தானா நடக்கும். அதனால ரிமோட்ல அணைக்கணும், சுவர்ல சுவிட்சை அணைச்சுட்டா அது நடக்காது. இதுல நம்ம ஊர்லதான் தப்பு அதிகம், படுக்கப் போறப்ப மெயின் சுவிட்சைத் தட்டிட்டுத்தான் போவாங்க. Screen Off நேரம் கணக்குல சேருமான்னா, சேராதுன்னு என் கூட வேலை செய்யுற பையன் அடிச்சு சொல்றான். எனக்கு அது சரின்னு தோணல, போர்டு ஓடுற நேரத்தை எண்ணினா சேரத்தான் வேணும். ரெண்டு பேருமே சத்தியம் பண்ண முடியாது.

சூப்பர்_சதீஷ்
அப்போ நானும் சுவிட்சை அணைக்காம விடணுமா?? தினமும் அணைக்கிறேனே.

பேனல்பாண்டி
ரிமோட்ல அணைச்சுட்டு கொஞ்ச நேரம் கழிச்சு அணைங்க. பத்து, பதினைஞ்சு நிமிஷம் குடுங்க போதும்.

நெல்லைக்காரன்77
When inactive-ஐ Never போட்டாச்சு, நேத்து சாயங்காலத்துல இருந்து ரேடியோ நிக்கல. அடுத்த தலைவலி பென் டிரைவ். என் மச்சான் கம்ப்யூட்டர்ல ப்ளேலிஸ்ட் ஒண்ணு போட்டுக் குடுத்தான். கம்ப்யூட்டர்ல நல்லா ஓடுது. டிவியில விஎல்சி-ல திறந்தா பட்டியல் வருது, ஆனா ஒரு பாட்டும் பாடல. ஒவ்வொண்ணா தாவித் தாவி கடைசிக்குப் போய் நின்னுருது. பாட்டுப் பேரும் கேள்விக்குறியா வருது. ஃபோல்டரை நேரா திறந்து ஒரு பாட்டை அமுக்கினா பாடுது.

முனையம்
பட்டியல் கோப்பை நோட்பேடில் திறந்து முதல் நான்கு வரியை இங்கே போடுங்கள்.

நெல்லைக்காரன்77
```
#EXTM3U
#EXTINF:245,???????
E:\Bakthi\Murugan\01.mp3
#EXTINF:310,???????
```

முனையம்
இரண்டு கோளாறு. `E:\` என்பது மச்சான் கம்ப்யூட்டரில் பென் டிரைவுக்குக் கிடைத்த எழுத்து. ஆண்ட்ராய்டில் E என்று ஒன்று கிடையாது, சாய்வுக் கோடும் அங்கே மறுபக்கம் சாயும். ஆகவே விஎல்சி ஒவ்வொரு வரியிலும் போய்த் தேடுகிறது, கோப்பு இல்லை, அடுத்ததற்குத் தாவுகிறது. நீங்கள் பார்த்த தாவல் அதுதான். பட்டியல் கோப்பு பென் டிரைவின் வாசலிலேயே இருக்கட்டும், பாதையை அங்கிருந்து எழுதுங்கள்.

```
#EXTM3U
#EXTINF:245,முருகன் பாடல் 1
Bakthi/Murugan/01.mp3
```

ஃபோல்டர் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து இரண்டையும் உள்ளபடியே எழுதுங்கள். விண்டோஸ் `bakthi` என்றாலும் கண்டுகொள்ளாது, மற்ற எல்லா இடத்திலும் அந்தத் தாராளம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

கேள்விக்குறி வந்த காரணம், தமிழைத் தாங்காத குறிமுறையில் சேமித்தது. நோட்பேடில் Save As போய் Encoding-இல் UTF-8 தேர்ந்தெடுத்து, பெயரை `bakthi.m3u8` என்று வையுங்கள். ஏற்கெனவே கேள்விக்குறியாகிவிட்ட பெயர்கள் திரும்பி வராது, அவற்றை மறுபடி அடிக்கத்தான் வேண்டும்.

கரிசல்குயில்
m3u8 னா நேரலை ஸ்ட்ரீம் ஆச்சே? ரேடியோ லிங்க்ல கடைசியில அதானே வரும்? பாட்டுக் கோப்புக்கு அதைப் போட்டா நெட் கேக்காதா?

முனையம்
கேட்காது. ரேடியோ ஸ்டேஷனின் m3u8 உள்ளே சில நொடித் துண்டுகளின் பட்டியல் இருக்கும், அதை ப்ளேயர் திரும்பத் திரும்ப இறக்கிப் புதுப்பிக்கும். நமது கோப்பில் இருப்பது பென் டிரைவ் பாதை. இரண்டும் பட்டியல்தான், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதை வைத்துத்தான் ப்ளேயர் நடந்துகொள்ளும். ஒரு ரேடியோ முகவரியைக்கூட இதே பட்டியலில் ஒரு வரியாகப் போடலாம். கடைசி வரியாகப் போடுங்கள், ரேடியோவுக்கு முடிவு கிடையாது, அதற்குக் கீழே உள்ள பாட்டுக்கு முறையே வராது.

நெல்லைக்காரன்77
இதுல நெட் எவ்வளவு போகும்? அங்க பிராட்பேண்ட் இல்ல, சிம் போட்ட வைஃபை பெட்டிதான்.

முனையம்
128 கேபிபிஎஸ் ஸ்ட்ரீம் என்றால் மணிக்கு 58 எம்பி அளவு. எட்டு மணி நேரத்துக்கு 460 எம்பி. 64 கேபிபிஎஸ் ஸ்டேஷன் என்றால் அதில் பாதி. யூடியூப் அப்படி இல்லை. திரை அணைந்திருப்பது யூடியூபுக்குத் தெரியாது, அது முழு வீடியோவையும் இறக்கிக்கொண்டே இருக்கும். 1080-இல் மணிக்கு ஒரு ஜிபியைத் தாண்டிவிடும். யூடியூப்தான் வேண்டும் என்றால் Picture Off-க்கு முன்னால் தரத்தை 144-க்கு இறக்கிவிடுங்கள். படத்தை யார் பார்க்கப் போகிறார்கள்.

மேட்டுத்தெரு சுந்தரம்
ஃப்ரீ டிஷ்ஷில் அந்த 460-உம் கிடையாது.

நெல்லைக்காரன்77
ஐயா விட மாட்டீங்க போல! அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப டிஷ்ஷும் மாட்டிருவோம்.

இன்னும் ஒண்ணு கேக்கணும். Picture Off-ல இருக்கும்போது சத்தம் கூட்ட, குறைக்க முடியுது, திரை வரல. ஆனா பாட்டு மாத்த எந்தப் பொத்தானை அமுக்கினாலும் திரை டபக்குனு எரிஞ்சுருது. ராத்திரி ரெண்டு மணிக்கு அப்பா பாட்டு மாத்தினா அம்மா கத்துறாங்க.

பேனல்பாண்டி
அது டிவி கம்பெனி வச்ச ஏற்பாடு. பவர், வால்யூம் தவிர எதைத் தொட்டாலும் திரை வரும். இல்லன்னா Picture Off போட்டது தெரியாம ஆளுங்க பேனல் போச்சுன்னு கடைக்குத் தூக்கிட்டு வருவாங்க. அப்படித் தூக்கிட்டு வந்ததையே பாத்திருக்கேன். சுத்தமா இருந்த டிவி, ஓகே பட்டனை அமுக்கிக் குடுத்தனுப்பினேன். காசு வாங்கல.

யாழ்நிலா
நான் ரிமோட்டைத் தொடுறதே இல்லை. ஸ்பாட்டிஃபை ஆப்பை டிவியில திறந்து வச்சிட்டு, போனில அதே கணக்கில டிவியைத் தெரிவு செய்தால் போனே ரிமோட் ஆகிடும். பாட்டு மாத்தினாலும் என்ர டிவியில திரை எழும்பாது. உங்கட டிவியில எப்பிடியோ தெரியாது, ஒருக்கா செய்து பாருங்கோ. குறோம்காஸ்ட் மாதிரி அனுப்பினால் மட்டும் திரை எழும்பும், அதைச் செய்ய வேண்டாம்.

முனையம்
விஎல்சியிலும் இதே வசதி இருக்கிறது, 3.6 பதிப்பிலிருந்து. அமைப்புகளில் Remote access-ஐ ஆன் செய்தால் ஒரு முகவரி தரும், அதைப் போனின் பிரவுசரில் திறந்தால் அடுத்த பாட்டு, முந்தைய பாட்டு, பட்டியல் எல்லாம் கிடைக்கும். கட்டளை வைஃபை வழியாக நேரே ஆப்புக்குப் போகிறது, ரிமோட் பொத்தான் என்று டிவிக்குத் தெரியாது. என் டிவியில் திரை எழவில்லை.

கோடி (Kodi) என்ற ப்ளேயர் ஆப்பைப் பயன்படுத்துபவர்கள் யாராவது இதைப் படித்தால், அங்கே ஸ்க்ரீன்சேவரில் Black போட்டும் வேலை செய்யவில்லை என்றால் அதே பக்கத்தில் இருக்கும் Use visualisation if playing audio என்பதை அணையுங்கள். அது ஆன் ஆக இருந்தால் பாட்டு ஓடும்போது ஸ்க்ரீன்சேவருக்குப் பதில் வண்ண அலைகள்தான் வரும்.

கரிசல்குயில்
எங்க டிவியில Picture Off-ஏ இல்ல. மலிவு டிவி, ஆன்லைன்ல வாங்கினது. எல்லா மெனுவும் அலசிட்டேன். வேற என்ன வழி?

பேனல்பாண்டி
Backlight அளவை ஜீரோவுக்கு இறக்குங்க, Brightness இல்ல, Backlight. அது தனி வரியா இருக்கும். ஜீரோன்னு போட்டாலும் முழுசா அணையாது, ஆனா வாட் நல்லாக் குறையும், அதுமேல சதீஷ் சொன்ன கறுப்பு ஆப்பையும் போட்டா படுக்குற ஹாலுக்குத் தாங்கும். நிறைய ஆளுங்க Brightness-ஐ இறக்குறாங்க. அது கறுப்பை இன்னும் கறுப்பாக்கும், விளக்கைத் தொடாது.

ஒரு சிலர் சர்வீஸ் மெனு கோடு போட்டு உள்ள போய்ப் பின்விளக்கை அணைக்கலாம்னு வீடியோ போடுறாங்க. அது பக்கமே போகாதீங்க. திரை இருட்டானதுக்கு அப்புறம் மெனுவைப் பாத்துத் திருப்பி ஏத்த வழி இருக்காது.

சூப்பர்_சதீஷ்
ஆக என் ஆப்புக்கும் ஒரு வேலை கிடைச்சிருச்சு 😀

நெல்லைக்காரன்77
நெலவரம் சொல்றேன். ரேடியோ ஆப்ல கோடை, விஎல்சி-ல ரெண்டு பட்டியல், ஒண்ணு காலைக்கு, ஒண்ணு ராத்திரிக்கு. போன்ல விஎல்சி பக்கத்தை ஹோம் ஸ்க்ரீன்ல வச்சுக் குடுத்தேன், அப்பா ரெண்டே நாள்ல பழகிட்டார். எங்க டிவியிலயும் திரை எழல. When watching-ஐ எட்டு மணி நேரத்துல வச்சிருக்கேன்.

தீராதது ஒண்ணு இருக்கு. கரண்ட் போய் வந்தா டிவி ஸ்டேண்ட்பையில நிக்குது. அப்பா அதை ஆன் பண்ணி, விஎல்சி திறந்து, பட்டியலைத் தேடி, அப்புறம் Power மெனுவுல Picture Off வரைக்கும் போகணும். பாதியிலேயே அலுத்துப்போய் விட்டுருதார்.

முனையம்
Picture Off-க்கான தூரத்தைக் குறைக்கலாம். சில டிவி ரிமோட்டில் ஏதாவது ஒரு பொத்தானுக்கு நமக்குப் பிடித்த வேலையைக் கொடுக்க முடியும், அந்தப் பட்டியலில் Picture Off இருக்கிறதா என்று பாருங்கள். கரண்ட் வந்ததும் டிவி தானே ஆன் ஆகி விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடங்குவதற்கு ஆப் தானாகத் திறக்கும் கருவிகள் இருக்கின்றன. ஆனால் டிவி ஸ்டேண்ட்பையில் நின்றால் அவற்றால் பயன் இல்லை. பவர் வந்ததும் என்ன நிலையில் எழ வேண்டும் என்று சில மாடலில் ஒரு அமைப்பு உண்டு. பாண்டி அண்ணனுக்குத் தெரிந்திருக்கும்.

பேனல்பாண்டி
Power on mode-னு இருக்கும். Last, Standby, On அப்படின்னு மூணு தேர்வு. Last-ல வச்சா, ஓடிக்கிட்டு இருந்தப்ப கரண்ட் போனா ஓடுற நிலையிலயே எழும். வீட்டு மாடல்ல நிறைய பேர் இதை மெனுவுல காட்டுறதில்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு கரண்ட் வந்து டிவி தானா அலறினா அதுக்கும் ஒரு புகார் வரும்ல. உங்க மாடல் நம்பர் தனிச் செய்தியில அனுப்புங்க, பாத்துச் சொல்றேன்.

மேட்டுத்தெரு சுந்தரம்
எங்கள் வீட்டில் பெட்டியும் ஆம்ப்ளிஃபயரும் சிறிய இன்வெர்ட்டரில் ஓடுகின்றன. டிவி அதில் இல்லை. கரண்ட் போனது பாட்டு கேட்பவருக்குத் தெரியாது.

நெல்லைக்காரன்77
ஐயா, அந்த இன்வெர்ட்டர் எத்தனை வாட்? 17 வாட் டிவியும், வைஃபை பெட்டியும், சவுண்ட்பாரும் சேர்ந்தா தாங்குமா?